பழைய ஸ்போர்ட் ரிம் வாங்குவதற்கு முன் உட்புறத்தைப் பார்க்கும் முறை

கேள்வி: மைவி காருக்கு 15 அங்குல ஸ்போர்ட் ரிம் நான்கு, பழையது, ஒருவர் விற்கிறார். டயரோடு இருக்கிறது. வெடிப்பு இல்லை, வெல்டிங் இல்லை, நெளிவு இல்லை என்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் நானே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

டயரைக் கழற்றிப் பார்ப்பதற்கு அவர் சம்மதித்தால் மட்டுமே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். சம்மதிக்காவிட்டால் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நான் சுங்கை சிப்புட்டில் டயர் கடையில் வேலை செய்கிறேன். தோட்டத்துச் செம்மண் சாலையிலும், செம்பனை லோரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த தார்ச் சாலையிலும் தினமும் போய்வரும் கார்களின் ரிம்கள்தாம் எங்கள் கடைக்கு அதிகம் வருகின்றன. அவற்றில் நான் பார்த்த வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை ரிம்மின் உட்புறத்தில், அதாவது காருக்கு அடியில் பிரேக்கைப் பார்த்தபடி இருக்கும் பக்கத்தில்தான் இருந்தன.

அதற்குக் காரணம் உண்டு. ரிம்மின் முகப்பில் ஸ்போக்குகள் இருப்பதால் வெளி விளிம்பை அவை தாங்கிப் பிடிக்கின்றன. உள் விளிம்போ ஸ்போக்கிலிருந்து வெகுதூரம் தள்ளி, எந்தத் தாங்கலும் இல்லாமல் நீண்டு நிற்கிறது. குழியின் ஓரத்தில் டயர் நசுங்கும்போது அடி முழுவதும் அந்த உள் விளிம்பின் மேல் விழுகிறது. முதலில் அது நெளிகிறது, பிறகு நெளிந்த இடத்திலேயே விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிப்பு ஓடுகிறது. விற்பவர் அனுப்பும் புகைப்படங்களில் முகப்பு மட்டுமே பளபளவென்று இருக்கும் என்பதால், புகைப்படத்தை நம்பி ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

விற்பவரை ஒரு டயர் கடைக்கு வரச் சொல்லுங்கள். நான்கு டயர்களையும் கழற்றும் கூலியை நீங்களே கொடுப்பதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கழற்றுவதற்கு முன் ரிம்மின் உள் பகுதியில் ஒட்டியிருக்கும் பேலன்சிங் ஈயக்கட்டிகளைப் பாருங்கள். ஒரே இடத்தில் அவை வரிசையாக நீளத்துக்கு ஒட்டப்பட்டிருந்தால், அந்தச் சக்கரம் பழைய உரிமையாளரிடமே தொல்லை கொடுத்திருக்கிறது என்று பொருள். டயரில் குறை இருந்தாலும் அப்படி ஆகும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரிம்மை மற்ற மூன்றைவிடக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். கட்டிகளைப் பெயர்த்துவிட்டு அவற்றின் அடியிலும் பாருங்கள், ஏனென்றால் வெல்டிங் செய்த இடத்தின் மேலேயே அவை ஒட்டப்பட்டிருந்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

டயர் கழன்றதும் உட்புறத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிரேக் கரி போகும்வரை துடையுங்கள். பிறகு கைவிளக்கை நேராக அடிக்காமல், உலோகத்தின் மேல் படுத்தவாக்கில் ஒளி வழுக்கிச் செல்லும்படி பிடித்துக்கொண்டு, ரிம்மை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான ரிம்களில் உள் உருளைப் பகுதி கடைசலில் கடைந்தெடுக்கப்பட்டது. இசைத்தட்டில் இருப்பதுபோல மெல்லிய வட்டக் கோடுகள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோடுகள் ஓரிடத்தில் அறுந்து, அங்கே மட்டும் குறுக்குமறுக்கான தேய்ப்புத் தழும்போ அளவுக்கு மீறிய வழவழப்போ தெரிந்தால், யாரோ அந்த இடத்தை கிரைண்டரால் தேய்த்திருக்கிறார்கள். வெல்டிங் மேட்டைச் சமப்படுத்துவதுதான் அப்படித் தேய்ப்பதற்கு வழக்கமான காரணம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினால் மேடு பெரும்பாலும் அகப்பட்டுவிடும். டயர் வந்து அமரும் பகுதியை வெல்டிங் செய்தவர் தேய்த்தே ஆகவேண்டும், இல்லையென்றால் காற்று நிற்காது. அதற்கு எதிர்ப்பக்கத்தை, அதாவது பிரேக்கைப் பார்த்த பக்கத்தை, பலர் தேய்க்காமல் விட்டுவிடுவதால் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பது அவசியம்.

உட்புறத்துக்கு மட்டும் புதிய சாயம் அடித்திருந்தால் நான் அந்த ரிம்மைச் சந்தேகத்தோடுதான் தொடுவேன். முகப்புக்குச் சாயம் அடிப்பது அழகுக்காக என்று வைத்துக்கொள்ளலாம், யாரும் பார்க்காத இடத்துக்கு ஒருவர் ஏன் செலவு செய்ய வேண்டும்? விற்பவரின் அனுமதியோடு, தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். தொழிற்சாலையில் சூட்டில் இறுக்கிய சாயம் சட்டென்று கரையாது, கடையில் வாங்கும் ஸ்ப்ரே சாயம் துணியில் வழிந்து வந்துவிடும். ஆனால் சாயம் கரையவில்லை என்பதற்காக ரிம் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது, பட்டறையில் ஹார்டனர் கலந்து அடித்த சாயமும் தின்னருக்கு அசைந்து கொடுக்காது.

வெடிப்பையும் கீறலையும் பிரித்தறிவதில்தான் பலர் குழம்புகிறார்கள். டயர் கழற்றும்போது இரும்பு பட்டு விழுந்த கீறல் நேராகவும், அடிப்பகுதி பளபளப்பாகவும் இருக்கும். வெடிப்பு முடியைப் போல மெல்லியதாக, கொஞ்சம் கோணல்மாணலாக, அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும், துடைத்த பிறகும் அந்தக் கறுப்பு போகாது. ஒரு கோடு நான்கு ரிம்மிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அது வார்ப்பு அச்சின் தடமாகத்தான் இருக்கும். உள் விளிம்புக்கு அடுத்தபடியாக ஸ்போக்கின் அடிப்பகுதி பின்பக்கத்திலும், நட்டு போடும் துளைகளைச் சுற்றியும், வால்வு துளையிலும் பாருங்கள்.

சந்தேகம் தீராத இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் விட்டு, மேற்பரப்பை நன்றாக உலரத் துடைத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து, தூளில் ஈரக் கோடாகத் தெரியும். சிவப்புச் சாயமும் வெள்ளைத் தூளுமாக ஸ்ப்ரே டின்களில் விற்கும் வெடிப்புச் சோதனை மருந்து இதே வேலையை இன்னும் தெளிவாகச் செய்யும். இரண்டுக்கும் ஒரே வரம்புதான்: வெடிப்பின் வாய் மேற்பரப்பில் திறந்திருக்க வேண்டும். சாயமோ ஃபில்லரோ மூடியிருந்தால் இரண்டுமே ஒன்றும் காட்டாது, அதனால்தான் சாயத்தைப் பற்றி முதலில் சொன்னேன்.

வெல்டிங் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. வார்ப்பு அலுமினிய ரிம்முக்கு வலிமை வருவது, தொழிற்சாலையில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, மறுபடியும் குறைந்த சூட்டில் பக்குவப்படுத்துவதால். வெல்டிங் சூடு அந்தப் பக்குவத்தைக் கலைத்துவிடுகிறது. வெல்டிங் கோடு உறுதியாக இருந்தாலும் அதை ஒட்டிய உலோகம் மென்மையாகிவிடுவதால், அடுத்த குழியில் வெடிப்பு பெரும்பாலும் கோட்டுக்குப் பக்கத்திலேயே திறக்கிறது. காற்று கசியாமல் நிற்பது ஒன்று, அடி தாங்குவது வேறொன்று. ஆகவே வெல்டிங் செய்த ரிம் எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம் என்பதே என் முடிவு.

நெளிவைப் பார்க்க, டயர் இல்லாத வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினில் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். அசையாத ஏதாவது ஒன்றில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனியை விளிம்புக்கு மிக அருகில் நிறுத்தினால், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும், உள் விளிம்பு வெளி விளிம்பு இரண்டிலும் பாருங்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். அதைவிட அதிகமாக ஆடினால், உடனே ரிம்மைக் குறை சொல்லாமல், நட்டைத் தளர்த்தி ரிம்மை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். ஆட்டம் ரிம்மில் குறித்த அதே இடத்தில் தொடர்ந்தால் ரிம் நெளிந்திருக்கிறது, இடம் மாறினால் மாட்டியதில்தான் பிசகு. நெளிவு உள் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் இருந்து, அங்கே வெடிப்பு இல்லாவிட்டால், ஒருமுறை நிமிர்த்திப் பயன்படுத்தலாம். சுத்தியல் தழும்பு ஏற்கெனவே இருந்தால் அது முன்பே நிமிர்த்தப்பட்டது, அதை எடுக்காதீர்கள்.

என் சித்தி மகனுக்காக இப்படிப் பார்த்த ஒரு செட்டைச் சொல்கிறேன். அதுவும் மைவிக்கு 15 அங்குலம்தான், மொட்டை டயரோடு நான்குக்கும் 600 வெள்ளி கேட்டார்கள். கழற்றும் கூலி ஒன்றுக்கு 8 வெள்ளி, மொத்தம் 32. முதல் இரண்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவதன் உள் விளிம்பு ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர் நெளிந்திருந்தது, சுண்ணத்தூளில் கோடு எதுவும் வரவில்லை. நான்காவதில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வெள்ளிச் சாயம் புதிதாக இருந்தது. தின்னரில் அது கரைந்ததும் வட்டக் கோடுகள் அறுந்த இடம் தெரிந்தது, நகத்துக்கு மேடு தட்டியது, அந்த மேட்டுக்கு அரை அங்குலம் தள்ளி ஓர் அங்குல நீளத்துக்கு ஈரக் கோடு ஊறி வந்தது. விற்பவர் தாமும் அதை வாங்கியவர்தாம், பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. நான்கையும் 400க்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் நான்காவதை அவரிடமே விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் 400 வெள்ளிக்கு எடுத்தோம். அவர் அதை வேறொருவருக்கு விற்றுவிடக் கூடாது என்பதற்காக, அந்த இடத்தில் அழியாத மையால் பெரிதாக வட்டமிட்டுக் கொடுத்தோம், அவரும் மறுப்புச் சொல்லவில்லை. நெளிந்ததை நிமிர்த்த 70 வெள்ளி, அதே மாடலில் ஒற்றை ரிம் ஈப்போ ஹாஃப்கட் கடையில் 160 வெள்ளி. கூலியோடு சேர்த்து 662 வெள்ளி ஆனது, அதாவது கேட்ட விலையைவிட 62 வெள்ளி கூடுதல். நிமிர்த்தி வந்த ரிம்மிலும் ஹாஃப்கட் ரிம்மிலும் மண்ணெண்ணெய்ச் சோதனையை மறுபடி செய்தோம். நிமிர்த்தும்போதே வெடிப்பு விடுவது உண்டு என்பதால் அதைத் தவிர்க்கவே கூடாது.

புதிய டயரைப் போட்டதும், காரில் மாட்டுவதற்கு முன் காற்றை நிரப்பி, உள் விளிம்பைச் சுற்றிலும் ரிம்மின் உள் பகுதியிலும் சோப்பு நீரைத் தடவி ஐந்து நிமிடம் பாருங்கள். டயரும் ரிம்மும் சேரும் வளையத்தில் குமிழி வந்தால் அங்கே துருவைச் சுத்தம் செய்து மறுபடி போட்டால் போதும். உலோகத்தின் நடுவிலிருந்து நுரை சின்னச் சின்னதாகக் கிளம்பினால் அந்த ரிம்மை ஏற்றாதீர்கள். விற்பவரிடம் பணத்தைக் கொடுப்பதை இந்தச் சோப்பு நீர்ச் சோதனை முடியும்வரை தள்ளிவைக்க அவர் ஒப்புக்கொள்வாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.