மீன் தொட்டிக்குத் தானாகத் தண்ணீர்: பெரிய டிரம் வேண்டாம்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் மூன்றடி நீளக் கடல்மீன் தொட்டி இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் தினமும் இரண்டு லிட்டர் வற்றுகிறது. மிதவை சென்சார், சிறு பம்ப் கொண்ட செட்டோடு 50 லிட்டர் டிரம்மும் வாங்கினால் ஒரு மாதம் கவலையில்லை என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? டிரம்மில் கடல் தண்ணீரை நிரப்பலாமா?

பதில்: செட்டை வாங்குங்கள், டிரம் வேண்டாம். கடல் தண்ணீர் கூடவே கூடாது. வற்றுவது நீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தினமும் இரண்டு லிட்டர் கடல் நீர் சேர்த்தால் அன்றாடம் சுமார் 70 கிராம் உப்பு ஏறும். 120 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு பத்தே நாளில் 40ஐத் தாண்டிவிடும். கரையோரக் கிணற்று நீரும் பெரும்பாலும் உவர்ப்புதான். ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள்.

டிரம்மை வேண்டாம் என்பதற்குக் காரணம் மிதவை. நீர்மட்டத்தை ஒட்டி அதன் தண்டில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். ஒருநாள் மிதவை கீழேயே ஒட்டிக்கொண்டால், தண்ணீர் குறைந்துவிட்டதாகக் கருதி பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டி மூன்றடிக்கு ஒன்றேகால் அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் உயர மூன்றரை லிட்டர் வேண்டும். மேலே மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டிருந்தால் பத்து லிட்டர்தான் கொள்ளும். 50 லிட்டரும் இறங்கினால் 40 லிட்டர் வழிந்து தரைக்கு வரும், உப்பும் திடீரென வெகுவாகக் குறையும். பத்து லிட்டர் வாளி என்றால், முழுதும் கொட்டினாலும் உப்பு 32 கிராமுக்குக் கீழே போகாது, தரையும் நனையாது. ஐந்து நாளைக்கொரு முறை நிரப்பும் வேலை மட்டும் உங்களுக்கு இருக்கும். அந்த வேலையை நான் விரும்பியே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் அப்போதுதான் தொட்டியை ஒருமுறை கவனிப்பீர்கள். அதோடு மிதவையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

வாளியைத் தரையில் வையுங்கள். டியூப்பின் வாய் தொட்டி நீருக்கு மேலே காற்றில் நிற்கட்டும். அது நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் தொட்டி நீர் அதே டியூப் வழியாக வாளிக்குத் திரும்பி வழியும். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பம்பாகக் கேளுங்கள். ஒரு மிதவைக்குப் பதில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உள்ள செட் நல்லது; கீழது ஒட்டிக்கொண்டாலும் மேலது பம்பை நிறுத்தும். கடையிலேயே பம்பை நீருள்ள வாளியில் போட்டு, கீழ் மிதவையை விரலால் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்களில் பம்ப் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் நேர வரம்பு இல்லாத செட் அது. விலை குறைவென்றாலும் வேண்டாம்.