கேட்டில் இருந்த பெயர்: பழைய படத்தின் எழுத்தை மீட்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மூன்று பேர், மூன்று நாடுகளில் இருக்கிறோம். பழைய வீட்டின் இரும்பு கேட் தெரிகிற படம் ஒன்றுதான் மிச்சம். கேட்டில் வீட்டின் பெயர் இருக்கும். கடைசி எழுத்தின் மேல் மடிப்பு விழுந்து வெள்ளையாகிவிட்டது. நான் 'கலைமனை' என்கிறேன், தம்பி 'கலைமணி' என்கிறான். எழுத்தைச் சரிசெய்ய முடியுமா?

முடியும் அம்மா, ஆனால் வரைவதற்கு முன்னால் படிக்க வேண்டும். நீங்கள் அனுப்பியது 300 டிபிஐ ஸ்கேன். அச்சில் எழுத்தின் உயரம் சுமார் 4 மில்லிமீட்டர். அப்படியென்றால் உங்கள் ஸ்கேனில் ஒரு எழுத்துக்கு 47 புள்ளி உயரம்தான் கிடைக்கிறது. அதே அச்சை 1200-இல் ஸ்கேன் செய்தால் 190 கிடைக்கும். அதற்கு மேல் போவதில் பயனில்லை, காகிதத்தில் அவ்வளவு விவரம் இருக்காது. ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனரில் இருக்கும் 'தானாகத் திருத்து' வகையறா எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அந்தக் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது, வேலை எல்லாம் நகலில்தான்.

உங்கள் படம் சிவந்துபோயிருக்கிறது. அந்தக் காலத்துக் கலர் அச்சு இருட்டில் ஆல்பத்துக்குள்ளேயே கிடந்தால் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும், அதனால் வரும் சிவப்பு இது. படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரித்துப் பாருங்கள். சிவப்பில் எழுத்து வெளிறிக் கிடக்கும். பச்சையில் கம்பியும் எழுத்தும் தனித்தனியாகத் தெரியும் என்று நினைக்கிறேன். நிறத்தைச் சரிசெய்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்கேனர் இல்லை. போனில் எடுத்தால் போதாதா?

எழுத்து மீட்க வேண்டுமென்றால் போதாது. அச்சின் பளபளப்பு எதிரொளிக்கும், கோணமும் சாயும்.

கேள்வி: என் தாத்தா படம் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் தொட்டுப் பிரிக்கலாமா?

பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், அது ஈரம் பட்டு இளகித்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு, அப்படியே வைத்து ஸ்கேன் செய்யுங்கள். இதே தவறைச் செய்துவிட்டு வந்தவர்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு முறை நானே ஒருவருடைய படத்தைக் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: மேலே கேட்ட அக்காவின் தம்பி நான். மடிப்புக்கு மேலே ஒரு வளைவு மிச்சமிருக்கிறதே, அது 'ணி'யின் கொக்கிதானே? அப்பாவுக்கு நெருங்கியவர்கள் வைத்த பெயர் மணி.

தம்பி, அந்த வளைவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 'ணி'யின் கொக்கி எழுத்தின் வலப்பக்கத் தலையில் ஏறி வலப்பக்கமே இறங்கும். உங்கள் படத்தில் மிச்சமிருக்கும் வளைவு 'ம'வுக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில், இடப்பக்கம் இருக்கிறது. அதே மாதிரி வளைவு இரண்டாவது எழுத்தின் தலையிலும் முழுசாக இருக்கிறது. அது பழைய 'லை', தும்பிக்கை வைத்தது. அப்போது லை, னை, ணை, ளை நான்கையும் இப்படித்தான் எழுதுவார்கள். இணைக்கொம்பு தனியாக முன்னால் நிற்காது, எழுத்தோடு ஒட்டிய தும்பிக்கையாக வரும். ஆக, கடைசி எழுத்தில் இருப்பது 'ஐ' ஓசை. 'மணி' இல்லை.

அது 'னை'யா 'ணை'யா என்பது வேறு கேள்வி. அதற்கு அளவுகோல் படத்திலேயே இருக்கிறது. கேட்டின் நேர்க்கம்பிகள் சம இடைவெளியில் நிற்கின்றன. கேட்டின் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்துப் படத்தைச் செவ்வகமாக நேராக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை இடைவெளியை அடைக்கிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணியதில் 'க' இரண்டு, 'ம' இரண்டு. 'ம' முடிந்த இடத்திலிருந்து சட்டம் வரைக்கும் மூன்றரைதான் இருக்கிறது. ரெண்டு சுழி 'ன' அதில் தாராளமாக உட்காரும். மூணு சுழி 'ண'வுக்கு நான்காவது வேண்டும்.

இதை முடிவான சான்றாகச் சொல்ல மாட்டேன். பட்டைக் கம்பியை வளைத்துப் பற்றவைப்பவர்கள் இடப்பக்கத்தில் தாராளமாகத் தொடங்கி, கடைசி எழுத்தை நெருக்கி முடிப்பது சகஜம்.

கேள்வி: பழைய லை இருக்கிறது என்றால் படம் 1978-க்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லிவிடலாமே?

பாதி சரி. லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளை மாற்றிய அரசாணை 1978-இல் வந்தது உண்மை. ஆனால் ஆணை வந்த அன்றைக்கே பட்டறைக்காரரின் கை மாறிவிடாது, பழகிய வளைவையே பல வருடம் போட்டிருப்பார்கள். அதற்கு முந்தையது என்றால் எல்லாம் பழைய எழுத்தாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. பெரியார் 'குடிஅரசு' இதழில் 1935-லேயே புது வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதுபோக, எழுத்தின் வயது கேட்டின் வயது, படத்தின் வயது இல்லை. கேட் நின்றுகொண்டே இருக்கும், படம் எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

கேள்வி: போனில் எடுத்து ஷார்ப் பண்ணினால் எழுத்து வராதா?

வராது. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டு கேட்டிலும் எழுத்து துருப்பிடித்துவிட்டது, என்ன பெயின்ட் அடிக்கலாம்?

இங்கே பேசுவது படத்தில் இருக்கும் கேட் பற்றி. நிஜக் கேட்டுக்குப் பற்றவைப்பவரைக் கேளுங்கள். அடிப்பதற்கு முன்னால் நேராக நின்று ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? இன்றைய எழுத்தில் 'கலைமனை' என்று டைப் செய்து படத்தின் மேல் வைத்துவிடலாமே. பிள்ளைகளுக்குப் பழைய லை படிக்கவே தெரியாது.

இதற்கு நான் கட்டாயம் மறுப்பு சொல்வேன். முதலில், இடம் பொருந்தாது. புதிய 'லை'யில் கொம்பு ஒன்று, 'ல' ஒன்று என இரண்டு எழுத்துக்கான அகலம் வேண்டும். அந்த கேட்டில் 'க'வுக்கும் 'ம'வுக்கும் நடுவில் அவ்வளவு இடமே இல்லை. திணித்தால் மற்ற எழுத்துகளை நகர்த்த வேண்டிவரும். அப்புறம் அது அவர்கள் வீட்டு கேட் இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டுமென்றால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதலாம். படத்துக்குள் அன்று இரும்பில் என்ன வளைந்திருந்ததோ அதுதான் இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் மடிப்பையும் விட்டுவைக்க வேண்டியதுதானே? நீங்கள் வரைவதும் அன்று இருந்தது இல்லையே.

நியாயமான கேள்வி. இதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. மடிப்பு காகிதத்தில் விழுந்தது, கேட்டில் இல்லை. அதனால் எடுக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் எடுத்த இடத்தில் நான் வைப்பது என் வாசிப்பு. அதனால்தான் வரைந்ததைத் தனி லேயரில் வைக்கச் சொல்கிறேன், அணைத்தால் மடிப்பு திரும்பத் தெரிய வேண்டும். அந்த லேயருக்கு 'ஊகம்' என்றே பெயர் வையுங்கள்.

கேள்வி: பழைய னை-யை எந்த எழுத்துருவில் டைப் செய்வது?

டைப் செய்ய வேண்டாம். கணினிக்குப் பழைய னை, புது னை இரண்டும் ஒரே குறியீடுதான், வடிவத்தை எழுத்துரு தீர்மானிக்கும். பழைய வடிவம் காட்டும் எழுத்துரு கிடைத்தாலும் அது அச்சு எழுத்து, கம்பி வளைத்தவருடைய கை அதில் இருக்காது. இவர்கள் படத்தில் 'லை' முழுசாக இருக்கிறது. அதன் தும்பிக்கையை வெட்டியெடுத்து, மிச்சமிருக்கும் வளைவின் மேல் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்டப் பொருந்தியது. ஒரே கை வளைத்தது என்பதற்கு அதுவே போதும்.

பெரும்பாலும் சொதப்புவது இதற்கு அடுத்த இடத்தில். புதிதாக வரைந்த கோடு பக்கத்து எழுத்துகளைவிடக் கூர்மையாக இருக்கும், கண் நேராக அங்கேதான் போகும். பக்கத்தில் இருக்கும் 'ம'வின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். எத்தனை புள்ளிகளில் கருப்பு மெல்ல மங்குகிறதோ அந்த அளவுக்கு வரைந்ததையும் மங்கலாக்கி, அச்சில் இருக்கும் மணல் போன்ற பொரியையும் மேலே தூவ வேண்டும்.

கேள்வி: போனில் எடுத்து...

ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: நான் மூன்றாவது ஆள், கடைசித் தங்கை. இவர்கள் இரண்டு பேரும் இங்கே சண்டை போடுவது இன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் வேறொரு படம் இருக்கிறது, முற்றத்தில் அண்ணன் சைக்கிளோடு நிற்கிறான். பின்னால் கேட் உள்பக்கமாகத் தெரிகிறது. எழுத்து தலைகீழாக இருப்பதால் பயன்படாது, இல்லையா?

பயன்படும், நன்றாகவே பயன்படும்! அது தலைகீழ் இல்லை அம்மா, இடவலம் மாறியது. கம்பியில் வளைத்த எழுத்து என்பதால் இரண்டு பக்கமும் தெரியும். படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிவிட்டால் தெருவிலிருந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அப்படியே செய்து பார்த்தேன். தும்பிக்கை தெளிவாக இருக்கிறது, ஆக 'ஐ' ஓசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுழி இருக்க வேண்டிய இடத்தைத்தான் சைக்கிளின் கைப்பிடி மறைக்கிறது. இந்தப் படத்துக்கு நெகட்டிவ் இருந்தால் தேடுங்கள். அடுத்த ஃபிரேமில் அண்ணன் ஓர் அடி நகர்ந்திருக்கலாம்.

கேள்வி: அப்பாவின் கடித உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. அனுப்புநர் முகவரியில் அவர் கையால் 'கலைமனை', ரெண்டு சுழி. தம்பி இப்போது மணியை விட்டுவிட்டான். ஆனால் சின்ன வயதில் கேட்டில் அந்தச் சுழிகளுக்குள் விரல் விட்டு எண்ணுவானாம், மூன்று இருந்தது என்று சத்தியம் பண்ணுகிறான். எதைப் போடுவது?

உறை சொல்வது அப்பா எப்படி எழுதினார் என்பதை. விரல் சொல்வது பட்டறைக்காரர் எப்படி வளைத்தார் என்பதை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், கேட்டில் எழுத்துப்பிழை அபூர்வம் இல்லை. மூன்றரை இடைவெளி ரெண்டு சுழியின் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். தும்பிக்கையை முழு அடர்த்தியில் போடுங்கள். சுழிக்கு இரண்டு லேயர் வரைந்து, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று வையுங்கள். அச்சுப் போடும்போது உறையில் இருப்பதுபோல் ரெண்டு சுழியைப் போடுவேன் நான். தம்பிக்கு அனுப்பும் கோப்பில் இரண்டு லேயரும் இருக்கட்டும்.

நெகட்டிவ் கிடைத்தால் 2400 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து எனக்கும் அனுப்புங்கள்.