பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது யார் கண்ணில்?

"என் கதையில் வீடு விற்கும் காட்சியில் மலர், அவள் அண்ணன் குமார் இரண்டு பேர் மனதையும் சொல்கிறேன். யார் நினைப்பது என்றே புரியவில்லை என்கிறார்கள் படித்தவர்கள்."

அந்தக் காட்சியை முழுக்க ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள், அங்கே அதிகம் இழப்பவரிடம். மலர் என்று வைத்துக்கொள்வோம். "குமார் குற்ற உணர்ச்சியோடு பேனாவை எடுத்தான்" என்றால் அவன் மனதுக்குள் போய்விட்டீர்கள். "அண்ணன் பேனா மூடியைத் திறந்தான், மூடினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை" என்று எழுதினால் அவள் பார்த்தது மட்டும்தான் இருக்கிறது. குற்ற உணர்ச்சியை வாசகரே பிடித்துக்கொள்வார். 'குமார்' போய் 'அண்ணன்' வந்ததும் முக்கியம், அது அவள் வாயில் வரும் சொல்.

குமாரின் மனம் வேண்டுமா? காட்சியை முடித்து, ஒரு வரி இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். முதல் வாக்கியத்திலேயே அவன் பெயரும், அவனால் மட்டுமே உணர முடிந்த ஒன்றும் வரட்டும்: "பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் குமாருக்கு நெஞ்சு படபடத்தது." நடந்ததை மறுபடி அவன் பக்கமிருந்து சொல்லாதீர்கள், கதை அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், மலர் பகுதியில் 'மலர்', 'அவள்' வரும் இடங்களை 'நான்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். எந்த வரி ஒட்டாமல் நிற்கிறதோ, அங்கேதான் அடுத்தவர் மனதுக்குத் தாவியிருக்கிறீர்கள்.