வாரம் ஒரு புதுச் சமையல்: மணி அடிக்க வேண்டியது அடுப்படியில் அல்ல

கேள்வி: சமையல் கற்க ஆரம்பித்திருக்கிறேன். வாரம் ஒரு புது உணவாவது செய்ய வேண்டும் என்று சனிக்கிழமை மாலைக்குக் கைபேசியில் நினைவூட்டல் வைத்தேன். அது அடிக்கும்போது பாதிப் பொருள் வீட்டில் இருப்பதில்லை. செய்து சாப்பிட்டாலும் எப்படி இருந்தது என்று எழுதிவைக்க மறந்துவிடுகிறேன். இதற்கென்று இருக்கும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கைபேசியோடு வந்த நாட்காட்டியும் குறிப்பு எழுதும் செயலியும் போதும். நீங்கள் வைத்த நினைவூட்டலில் பிழை அதன் நேரத்தில்தான் இருக்கிறது. சமைக்க வேண்டிய நேரத்தில் அடிக்கும் மணி, வாங்காத பொருளையும் ஊறவைக்காத கடலையையும் கொண்டுவந்து தராது. ஆகவே முக்கியமான மணி கடைக்குப் போகும் நாளுக்கு உரியது. சமைக்கும் நாளுக்கான மணி, உண்மையைச் சொன்னால், இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை, ஏனென்றால் வாங்கிவைத்த பொருளே போதிய நினைவூட்டலாக இருக்கும்.

நாட்காட்டியில் ஒரே நிகழ்வுக்குப் பல அறிவிப்புகள் வைக்க முடியும் என்பதால் ஒன்றிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் எத்தனை அறிவிப்பு வைத்தாலும் திரையில் தெரிவது அதே தலைப்புதான். வியாழக்கிழமை "புதுச் சமையல்" என்று திரையில் வந்தால், அது சனிக்கிழமைக்குத்தானே என்று விரலால் தள்ளிவிடுவீர்கள். மேலும், வழக்கமான நாட்காட்டிச் செயலிகளில் நிகழ்வு தொடங்கிய பின் அடிக்கும்படி அறிவிப்பு வைக்க வழியில்லை. சாப்பிட்ட பிறகு வர வேண்டிய மணிக்கு அங்கே இடமே கிடையாது. எனவே வாரந்தோறும் திரும்பி வரும் மூன்று தனி நிகழ்வுகளை உருவாக்குங்கள். தலைப்புகள் செய்ய வேண்டிய வேலையாகவே இருக்கட்டும்: "அலமாரியைப் பார், பிறகு வாங்கு", "அடுப்பு ஏற்று", "சாப்பிட்டதை மதிப்பிடு". சமைக்கும் நாளைத் தள்ளிப்போட்டால் மற்ற இரண்டும் தாமாக நகராது என்பது இந்த முறையின் குறை. தள்ளிப்போடும்போது கடைக்கான நிகழ்வை முதலில் நகர்த்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் நிகழ்வில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த வாரத்துக்கான உணவின் பெயரை அதில் எழுதிச் சேமிக்கும்போது, மாற்றம் "This event" என்ற ஒன்றுக்கா, "All events" என்ற எல்லாவற்றுக்குமா என்று நாட்காட்டி கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் இனி வரும் ஒவ்வொரு வாரமும் அதே உணவு எழுதப்பட்டிருக்கும். சேமித்ததும் அடுத்த வாரத்து நிகழ்வைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இந்த வார உணவின் பெயர் இருந்தால் பிழை நடந்துவிட்டது என்று பொருள். இந்தக் காரணத்தால்தான் மதிப்பெண்களை நாட்காட்டிக்குள் எழுதாமல், குறிப்புச் செயலியில் ஒரே நீளமான பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். நாட்காட்டி மணி அடிக்க மட்டும் இருக்கட்டும்.

கடைக்கான மணி எத்தனை நாள் முன்னதாக இருக்க வேண்டும் என்பதைச் சமைக்கப்போகும் பொருளே முடிவு செய்யும். வெங்காயம், பருப்பு, தகரத்தில் அடைத்த பொருள் போன்றவற்றுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போவது வசதி, ஏனென்றால் ஒரு கடையில் கிடைக்காததை மறுநாள் வேறு இடத்தில் தேடலாம். பச்சை மீனும் கோழியும் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாள்தான் தாங்கும் என்பதால் அவற்றை மட்டும் சமைக்கும் நாளன்றோ முந்தைய நாளோ வாங்க வேண்டும். பட்டியலைச் செய்முறையிலிருந்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். செய்முறை இரண்டு கரண்டி தக்காளி விழுது கேட்கும். கடையில் கிடைப்பது ஒரு முழு டப்பா. மீதி டப்பா என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால், அடுத்த வாரத்துக்கும் அதே விழுது தேவைப்படும் உணவைத் தேர்ந்தெடுங்கள் அல்லது இந்த வாரம் அந்த உணவையே விட்டுவிடுங்கள். கற்றுக்குட்டியின் குளிர்சாதனப் பெட்டி நிரம்புவது பெரும்பாலும் இப்படித் திறந்து வைத்த பாதிப் பொட்டலங்களால்தான்.

இப்போது சந்தாச் செயலிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இவற்றில் பலவற்றின் பிழைப்பே உங்களைப் போன்றவர்களின் மறதியில் நடக்கிறது. முதல் சில நாள் இலவசம் என்று சொல்லி அட்டை விவரத்தை முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். காலம் முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும். செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம், அது நிற்காது. கைபேசியின் செயலிக்கடைக் கணக்குக்குள் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். சேர்வதற்கு ஒரு தொடுகை போதும், விலகுவதற்கு மட்டும் ஏன் இத்தனை கதவுகள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதைவிட மோசமானது, உங்களுக்குப் பதிலாகக் கடைப்பட்டியலைப் போட்டுத் தரும் பொத்தான். அது உங்கள் அலமாரியைப் பார்த்ததில்லை. வீட்டில் உப்பு இருந்தாலும் உப்பு வாங்கச் சொல்லும், அதுவும் சில செயலிகளில் எந்த நிறுவனம் காசு கொடுத்ததோ அதன் உப்பாகப் பார்த்துச் சொல்லவும் கூடும். ஒரு வருடம் கழித்து விலக நினைத்தால் நீங்கள் எழுதிய மதிப்பெண்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடக்கூடும். எந்தச் செயலியானாலும் உங்கள் குறிப்புகளை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட அதில் எழுதாதீர்கள். சமூக ஊடகங்களில் வாரத் திட்டம் என்ற பெயரில் கோப்பு விற்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும்; பிறர் இலவசமாக வெளியிட்ட செய்முறைகளைச் சமைத்துக்கூடப் பார்க்காமல் தொகுத்து விற்பவர்கள் அவர்களில் உண்டு.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சனிக்கிழமை இரவு 7 மணிக்கு இருவர் சாப்பிட, உலர்ந்த கொண்டைக்கடலை 150 கிராம், தக்காளி 400 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், எண்ணெய், சீரகம், உப்பு கொண்டு ஒரு குழம்பு வைக்கத் தீர்மானித்திருக்கிறீர்கள். செய்முறையின் தலையில் 30 நிமிடம் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கு கடலை ஏற்கெனவே வெந்திருக்கிறது என்று வைத்துப் போட்டது; வெங்காயம் பொடியாக நறுக்கியது என்று பொருள்பட்டியலிலேயே எழுதிவிட்டால் நறுக்கும் நேரமும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். உண்மையான கணக்கு இது: வியாழன் மாலை அலமாரியைப் பார்த்து, கடலையும் தக்காளியும் மட்டும் வாங்குகிறீர்கள். வெள்ளி இரவு 9 மணிக்குக் கடலையை நிறையத் தண்ணீரில் ஊறவைக்கிறீர்கள். சனி மாலை 5 மணிக்குத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கத் தொடங்கினால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் விரலால் நசுங்கும் பதம் வரும். கடலை பழையதாக இருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். நறுக்குவதை அந்த நேரத்திலேயே முடித்துக்கொள்ளலாம். தக்காளியை அந்தப் பதம் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், ஏனெனில் அதன் புளிப்பு கடலையை மெத்தென்று ஆகவிடாமல் தடுக்கும்.

மேலே சொன்னபடி மூன்று நினைவூட்டல்கள் போதும் என்பது பெரும்பாலான உணவுக்குப் பொருந்தும். ஆனால் இந்த உதாரணத்தில் வெள்ளி இரவு நான்காவது ஒன்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஒரு விலக்கை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வாரச் சமையல் கடைசி நேரத்தில் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். செய்முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே "ஊறவைத்த", "உறைநிலை நீங்கிய", "இரவு முழுவதும்" என்ற மூன்றில் ஒன்று கண்ணில் படுகிறதா என்று தேடுங்கள். அவை பல நேரம் பொருள்பட்டியலுக்குள் பதுங்கி இருக்கும், செய்முறை வரிகளில் இருக்காது. பட்டால், அந்த வாரத்துக்கு மட்டும் முந்தைய இரவுக்கு ஒரு நிகழ்வு சேருங்கள். அது வாராவாரம் திரும்பி வரத் தேவையில்லை. உறைந்த இறைச்சியைச் சமையல் மேடையில் வைத்து உருக்காமல் முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். முழுக்கோழி போன்ற பெரிய துண்டுக்கு ஒரு முழு நாளாவது பிடிக்கும். கொண்டைக்கடலையை ஊறவைக்க மறந்தால் வேக நேரம்தான் நீளும். சிவப்பு ராஜ்மாவில் அப்படி இல்லை. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் அளவுக்கு அதில் இயற்கை நச்சு இருக்கிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெல்லிய தீக்கு மாற்றலாம். கொதிநிலைக்கு வராமல் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் அதைப் பச்சையாகப் போடவே கூடாது. ஊறவைக்கும் மணியைத் தவறவிட்டால் ராஜ்மாவை அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள்.

மதிப்பிடும் மணியை இரவு 8 மணிக்கு, தட்டு கழுவும் முன் வையுங்கள். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்வதால் பயனில்லை. மூன்று என்று போட்டால் ருசி சுமாரா, நேரம் இழுத்ததா, நீங்கள் பூண்டைக் கருக்கியதா என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. செய்முறைக்கு ஒரு மதிப்பெண்ணும் உங்கள் கைப்பக்குவத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் போட்டு, அடுத்த முறை மாற்ற வேண்டியதை ஒரே வரியில் எழுதுங்கள். சமைத்தவருக்கு வாசனை பழகிப்போயிருக்கும் என்பதால், கூடச் சாப்பிட்டவர் இருந்தால் செய்முறை மதிப்பெண்ணை அவரிடம் கேட்டுப் போடுவது நம்பகமானது. நம் குழம்பில் நீங்கள் தக்காளியை முதலிலேயே கொட்டியிருந்தால் குறிப்பு இப்படி இருக்கும்: செய்முறை 4, கை 2, கடலை நறுக்கென்று இருந்தது, தக்காளி கடைசியில்.

அந்த இரண்டு எண்ணும்தான் அடுத்த வாரத்தை முடிவு செய்ய வேண்டும். செய்முறை நன்றாக இருந்து கை தவறியிருந்தால் அடுத்த சனிக்கிழமையும் அதே குழம்புதான். வாரம் ஒன்று புதியது என்ற விதியை அங்கே தயங்காமல் மீறுங்கள். இரண்டுமே 4-க்கு மேல் என்றால் அந்த உணவைச் சாதாரண நாள் சமையலுக்கு மாற்றிவிட்டுப் புதியதற்குப் போகலாம். கை சரியாக இருந்தும் செய்முறைக்கு 2 விழுந்தால் அதை அழித்துவிடாமல் குறிப்பிலேயே விட்டுவையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வேறொரு அழகான படத்தோடு அதே குழம்பு உங்களிடம் திரும்பி வரும். எண்களை எழுதி முடித்த கையோடு, அதே இரவில், அடுத்த வியாழக்கிழமை நிகழ்வைத் திறந்து உணவின் பெயரை எழுதி "This event" என்பதைத் தொட்டுச் சேமித்துவிடுங்கள்.