மச்சானுக்குச் சம்பளம், எனக்கு வட்டி: பங்காளிக் கடைக்கு வருமான வரி எப்படி?

கேள்வி: நானும் என் மச்சானும் சுங்கை சிப்புட்டில் புல்வெட்டும் மெஷின், மருந்து அடிக்கும் பம்பு ரிப்பேர் கடை வச்சிருக்கோம். முதல் நான் போட்டது, அதுக்கு வட்டி எடுக்கிறேன். கடையைப் பார்த்துக்கிற மச்சான் மாசச் சம்பளம் எடுக்கிறார். மீதி லாபம் பாதிப் பாதி. கடை வரி கட்டணுமா, நாங்க கட்டணுமா? சம்பளமும் வட்டியும் செலவுதானே, அதைக் கழிச்சா வரி குறையும்தானே?

பதில்:

முதலில் பதிவுச் சான்றிதழை எடுத்துக் கடைப் பெயரைப் பாருங்கள். பெயரின் கடைசியில் PLT என்று இருந்தால் கதை வேறு. அது தன் பெயரிலேயே வரி கட்டும் தனி அமைப்பு. இல்லையென்றால் உங்களுடையது சாதாரணக் கூட்டு வணிகம், நான் இங்கே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

கூட்டு வணிகத்துக்கு வரி கிடையாது. கடை ஒரு கணக்கு மட்டும் கொடுக்கும், வரி கட்டுவது நீங்களும் மச்சானும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், குறையாது. இந்த ஊரில் சின்னக் கடைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பங்காளிகள் அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

கடைப் பையனுக்குக் கொடுக்கும் சம்பளம் செலவு. அது வெளியாளுக்குப் போகும் பணம். பங்காளி எடுக்கும் சம்பளம் அப்படி இல்லை. கடை என்பதே நீங்கள் இரண்டு பேர்தான். தனக்குத் தானே சம்பளம் கொடுத்துவிட்டு அதைச் செலவு என்று கழிக்க முடியாது. முதலுக்கு எடுக்கும் வட்டியும் அதே கணக்குத்தான். இரண்டும் லாபத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் வழிகள், லாபத்தைக் குறைக்கும் வழிகள் அல்ல. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதற்குச் சொல்லும் முறை எளிது. பங்காளிகள் எடுத்ததையெல்லாம் முதலில் லாபத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். அப்புறம் சம்பளத்தையும் வட்டியையும் அவரவருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை ஒப்பந்த விகிதத்தில் பங்கிட வேண்டும்.

ஒரு வருடக் கணக்கைப் போட்டே பார்ப்போம். நீங்கள் போட்ட முதல் 100,000 ரிங்கிட், வட்டி 6 விழுக்காடு, அதாவது வருடத்துக்கு 6,000. மச்சானின் சம்பளம் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. மச்சான் வீட்டுக் காரின் இன்சூரன்ஸ், ரோட்டெக்ஸ் என்று 2,400 கடைப் பணத்திலிருந்து போயிருக்கிறது என்று வையுங்கள். இது நிறைய கடைகளில் நடக்கிறது. இவையும் 7,000 ரிங்கிட் தேய்மானமும் போக, வருடக் கடைசியில் கணக்கில் நிற்கும் லாபம் 44,600.

இந்த 44,600ஐ அப்படியே பாதியாக்கி ஆளுக்கு 22,300 என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. தேய்மானம் 7,000, சம்பளம் 36,000, வட்டி 6,000, சொந்தச் செலவு 2,400 எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தால் வருவது 96,000. கடையின் உண்மையான வருமானம் இதுதான். அதிலிருந்து மச்சானின் சம்பளம், உங்கள் வட்டி, அவருடைய கார் செலவு ஆக 44,400ஐ எடுத்து வைத்தால் பங்கிட வேண்டிய மீதி 51,600. ஆளுக்கு 25,800.

இப்போது மச்சானின் வருமானம் 36,000, 2,400, 25,800 மூன்றும் சேர்த்து 64,200. உங்களுடையது 6,000, 25,800 சேர்த்து 31,800. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், மறுபடி 96,000 வரும். வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒன்று இரண்டு தடவை ஏறியிருக்கிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது. நான் எந்தப் பங்காளிக் கணக்கைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது இந்தக் கூட்டலைத்தான்.

தேய்மானத்தைச் சேர்த்தோமே, மெஷினும் வேனும் பழசாவதற்கு ஒன்றுமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்குப் பதிலாகச் சட்டம் அனுமதிக்கும் மூலதனக் கழிவு இருக்கிறது. ஆனால் அதைக் கடைக் கணக்கில் கழிப்பதில்லை. லாபம் பிரிக்கும் விகிதத்தில் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க, அவரவர் தம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். இந்த வருடம் மொத்தக் கழிவு 8,000 என்றால் ஆளுக்கு 4,000. மச்சானுக்கு 60,200 ஆகிறது, உங்களுக்கு 27,800.

இனிமேல் வரி அவரவர் பாடு. 2023 வரி ஆண்டு முதல் உள்ள விகிதங்களை வைத்துக்கொள்கிறேன். மச்சானுக்கு இந்தக் கடை மட்டும்தான் வருமானம், மனைவிக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். சொந்த விலக்கு 9,000, மனைவிக்கு 4,000 போனால் 47,200. வரி 1,332 ரிங்கிட். வேறு விலக்குகள் இருந்தால் இன்னும் குறையும்.

நீங்கள் வெளியே வேலை பார்ப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் போட்டு வட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் வேறு வேலையில் இருப்பவர்கள். உதாரணத்துக்கு, செம்பனை ஆலையில் வருடத்துக்கு 48,000 வாங்கும் கிராணி என்று எடுத்துக்கொள்கிறேன். கடையிலிருந்து வரும் 27,800 அந்தச் சம்பளத்தின் தலையில் ஏறும். மொத்தம் 75,800, சொந்த விலக்கு போக 66,800, வரி 3,348. கடையே இல்லாமல் இருந்திருந்தால் 840தான். ஆக 27,800 ரிங்கிட் கடை வருமானத்துக்கு மட்டும் 2,508 ரிங்கிட் வரி. மச்சானோ 60,200க்கு 1,332 கட்டுகிறார். கடையில் குறைவாக எடுப்பவர் அதிக வரி கட்டுவதைப் பார்த்து இரண்டு குடும்பத்துக்கும் நடுவே மனத்தாங்கல் வருவதுண்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வரி ஆளுடைய மொத்த வருமானத்தைப் பார்க்கிறது, கடையை அல்ல. இதை இரண்டு பேரும் முதலிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கையில் எடுத்தீர்களா என்பதும் இதில் பொருட்டே இல்லை. உங்கள் 25,800ஐ எடுக்காமல், புது ஸ்டாக் வாங்கக் கடையிலேயே விட்டிருந்தாலும் வரி உண்டு. அதனால் வரிக்கான பணத்தையாவது வருடா வருடம் எடுக்கலாம் என்று மச்சானுடன் பேசி வைப்பது நல்லது.

வியாபாரம் படுத்த வருடத்தில் இதே முறை எப்படி வேலை செய்கிறது என்றும் பாருங்கள். சொந்தச் செலவு எதுவும் இல்லை, எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்த பிறகு வருமானம் 30,000தான் என்று வையுங்கள். சம்பளமும் வட்டியும் மட்டும் 42,000. மீதி இல்லை, 12,000 குறைகிறது. அந்த நட்டமும் பாதிப் பாதி, ஆளுக்கு 6,000. மச்சானுக்கு 36,000இல் 6,000 போக 30,000. உங்களுக்கு 6,000 வட்டியில் 6,000 நட்டம் போக ஒன்றுமில்லை. வட்டி என்று பணம் கைக்கு வந்திருந்தாலும் அந்த வருடம் கடையிலிருந்து உங்களுக்கு வரிக்குரிய வருமானம் கிடையாது.

மச்சானின் சம்பளம் பெயருக்குத்தான் சம்பளம் என்பதால் இன்னொன்றும் வருகிறது. அவர் தொழிலாளி இல்லை. அவருக்கு EA பாரம் கொடுக்கக் கூடாது, மாதாமாதம் பிசிபி பிடிக்கக் கூடாது, முதலாளி பங்கு என்று இபிஎஃப் கட்டி அதைக் கடைச் செலவில் எழுதக் கூடாது. அவர் விரும்பினால் தன் பெயரில் சுயமாக இபிஎஃப் கட்டலாம், கட்டட்டும். வயசான காலத்துக்கு அது அவருக்கு வேண்டும். பங்காளி அல்லாத அவர் மனைவி உண்மையிலேயே கல்லாவில் உட்கார்ந்து வேலை செய்தால், அந்த வேலைக்கு ஏற்ற சம்பளம் மட்டும் நிஜமான செலவு.

ஒப்பந்தத்தை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் தயவுசெய்து இந்த மாதமே எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்குள் எதுக்குக் காகிதம் என்பார்கள், ஆனால் வேறு உடன்பாடு இல்லாத இடத்தில் 1961ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டத்தின் 26ஆம் பிரிவுதான் பேசும். அதன்படி லாபம் சரிபாதி, உழைக்கும் பங்காளிக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை, லாபம் கணக்காகும் முன் முதலுக்கு வட்டியும் இல்லை. ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் கொடுத்த பணத்துக்கு மட்டும் வருடத்துக்கு 8 விழுக்காடு. வாய்ப்பேச்சாகச் செய்த ஏற்பாடும் உடன்பாடுதான், ஆனால் வரி வாரியம் கேட்கும்போதோ, பங்காளிகளுக்குள் சண்டை வரும்போதோ அதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? சம்பளம் எவ்வளவு, வட்டி எந்தத் தொகைக்கு எத்தனை விழுக்காடு, லாபமும் நட்டமும் எந்த விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். விகிதத்தை மாற்றினால் மாற்றிய தேதியையும் எழுதுங்கள்.

தாக்கல் செய்வது இப்படி. கடைக்கு D எழுத்தில் தொடங்கும் தனி வரி எண் இருக்க வேண்டும். அந்த எண்ணில் Form P போக வேண்டும், வரி இல்லாவிட்டாலும். ஒப்பந்தத்தில் முதல் பெயராக இருக்கும் பங்காளி அதைச் செய்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று CP30 தாளில் எழுதிக் கொடுப்பார். அதிலுள்ள தொகையைத்தான் நீங்கள் உங்கள் Form B-யில் போட வேண்டும். வெளியே வேலை பார்த்து மாதச் சம்பளம் வாங்கும் பங்காளிகள் பழக்கத்தில் ஏப்ரலிலேயே Form BE அனுப்பிவிட்டு, கடை வருமானத்தை விட்டுவிடுகிறார்கள். வியாபார வருமானம் ஒரு ரிங்கிட் வந்தாலும் உங்கள் பாரம் B, கெடு ஜூன் 30. மின்வழி அனுப்பினால் வழக்கமாக 15 நாள் சலுகை கிடைக்கும்.

ஒரு வருடம் கடை வருமானம் காட்டிய பிறகு CP500 கடிதம் வரலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நடப்பு வருட வரியை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு தவணையாக முன்கூட்டிக் கட்டச் சொல்லும் கடிதம் அது. போன வருட வருமானத்தை வைத்துப் போட்ட தொகை என்பதால், இந்த வருடம் வியாபாரம் குறைவு என்று தெரிந்தால் CP502 வழியாகக் குறைக்கக் கேட்கலாம். கேட்காமல் தவணையை விட்டால் கட்டாத தொகைக்கு 10 விழுக்காடு கூடும். கடிதம் கடைக்கு வராது, உங்களுக்கும் மச்சானுக்கும் தனித்தனியாக வரும். இருவரும் தம் தம் பெயரில் கட்ட வேண்டும். கடைப் பணத்திலிருந்து கட்டினால் அது கடைச் செலவு அல்ல, அந்தப் பங்காளி எடுத்த பணமாகவே எழுதுங்கள்.