முதலில் காய், அப்புறம் சோறு: ஒரு நாள் 168, மறுநாள் 224 ஏன்?

கேள்வி: வயது 54. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்றார்கள். செவ்வாயன்று பீன்ஸ் பொரியல், முட்டை சாப்பிட்டு அப்புறம் சோறு. 2 மணி நேரம் கழித்து 168. வியாழனன்று உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், அப்புறம் அதே அளவு சோறு. 224. இந்த முறை உண்மையில் வேலை செய்யுமா?

பதில்: வேலை செய்யும். வியாழனன்று நீங்கள் அதைச் செய்யவே இல்லை, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு, சோற்றைப் போலவே மாவுச்சத்து. சோற்றுக்கு முன்னால் இன்னொரு சோறு சாப்பிட்டது போலத்தான்.

பீன்ஸின் நார்ச்சத்தும் முட்டையின் புரதமும் முதலில் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பின்னால் வரும் சோறு குடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனும் அதற்குள் கூடுதலாகச் சுரந்து, இன்சுலின் வர உதவுகிறது.

2015-இல் நியூயார்க்கில், மெட்ஃபார்மின் எடுக்கும் 11 பேரிடம் இதைச் சோதித்தார்கள். காயும் கோழியும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும். வரிசையை மாற்றிச் சாப்பிட்ட நாளோடு ஒப்பிட்டால், 1 மணி நேர அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. 2 மணி நேரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 17 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஒரே வேளைச் சாப்பாடுதான். ஆனாலும் ஒன்று புரிகிறது: நீங்கள் பார்க்கும் 2 மணி நேர அளவில் இந்தப் பலன் முழுதாகத் தெரியாது.

அதனால் இப்படிப் பாருங்கள். ஒரே சாப்பாட்டை இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிண்ணம் கீரை அல்லது பீன்ஸ், ஒரு முட்டை, அளந்து வைத்த ஒரு கப் சோறு, சாம்பார். ஒரு நாள் எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிடுங்கள். மறுநாள் காயும் முட்டையும் முதலில், 10, 15 நிமிடம் கழித்துச் சோறு. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கிட்டு 1 மணி நேரம் கழித்தும் 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். வீட்டு மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், எனவே பத்து பதினைந்து புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

காயை முன்னாலேயே தின்றுவிட்டால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கும் என்று என் நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பொரியலில் கால் பங்கை ஒதுக்கி வையுங்கள். முதலில் காய் சாப்பிட்டோமே என்று சோற்றை இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடும்.

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறவர்களும் இதைத் தாங்களாகவே தொடங்கக் கூடாது. மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும், சோறு தாமதமாக வரும், வயிறு நிறைந்து அதில் பாதியை விட்டுவிடவும் கூடும். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வியர்க்கும். அவர்கள் மருத்துவரிடம் பேசி மருந்து நேரத்தைச் சரிசெய்துகொண்டு தொடங்கலாம். உங்களுக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்பதால் இந்தப் பயம் பெரிதாக இல்லை.