18 வயது நெருங்கும்போது கார்டியன் போட்டு அக்கவுண்ட் தொடங்குவது

"என் பையனுக்குப் பதினேழே முக்கால் வயசு. பாலக்காடு சித்தூர் பக்கம் ஊர், கோயம்புத்தூரில் காலேஜ் சேர்கிறான். என்னை கார்டியனாகப் போட்டு பேங்க் அக்கவுண்ட் தொடங்கலாமா, பதினெட்டு ஆகட்டும் என்று விட்டுவிடலாமா?"

தொடங்குங்கள். ஆனால் தொடங்குகிற அன்றைக்கே அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். எனக்கு அது தோன்றவில்லை. 2024-இல் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறை. மகளுக்கு அந்த ஜூனில் பதினேழு வயது ஏழு மாதம். கோயம்புத்தூரில் ஹாஸ்டல். வீட்டுப் பக்கத்துக் கிளையில் 1,000 ரூபாய் போட்டு, என்னை கார்டியனாகக் காட்டி அக்கவுண்ட் தொடங்கினோம். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "அச்சன் வந்நில்லே, சேச்சி?" அப்பா வந்தால்தான் ஆகும் என்பது அவர் நினைப்பு. அம்மா கார்டியனாக இருக்கலாம், ரிசர்வ் வங்கியே அனுமதித்திருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பா கையெழுத்து கேட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-இல் அம்மாவும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. நான் இதையெல்லாம் கவுண்டரில் சொல்லவில்லை. மேனேஜரிடம் போய்க் கேட்டேன், அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது.

மகள் பெயரில் ஏடிஎம் கார்டு வந்தது. எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் என் நம்பருக்கு. யூபிஐ அந்த அக்கவுண்டுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாதம் 4,500 போடுவேன், மெஸ்ஸுக்கு 3,200 போக மீதி அவள் கைச்செலவு. நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 6, புதன்கிழமை பதினெட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன். "அம்மா, மெஸ் காசு எடுக்க வரலம்மா. கார்டை உள்ளே போட்டா திருப்பித் துப்புது." அக்கவுண்டில் 6,140 ரூபாய் இருந்தது. மறுநாள் இரண்டாவது சனி, பேங்க் லீவு. அடுத்தது ஞாயிறு. மெஸ் பணம் கட்டக் கடைசி நாள் திங்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஜிபேயில் ஹாஸ்டல் வார்டனுக்கு அனுப்பிக் கொடுத்தான், அதோடு தப்பித்தோம்.

கார்டில் கோளாறு இல்லை. பதினெட்டு ஆன அன்றைக்கே கார்டியன் அதிகாரம் சட்டப்படி தீர்ந்துவிடுகிறது. அந்த அக்கவுண்டில் அதுவரை பேங்கிடம் இருந்தது என் கையெழுத்து மட்டும். மகள் கையெழுத்து பதிவில் ஏறும்வரை பணம் வெளியே போகாமல் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வருகிற பணம் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் பலருக்கு எடுக்கப் போகும்வரை தெரிவதே இல்லை. பதினெட்டு ஆகப்போகிறது என்று பேங்க் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் உத்தரவு போட்டது. எனக்கு நடந்தது அதற்கு முன்னால், அந்த மாதிரி எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பை விட்டுவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறி, வேலந்தாவளம் தாண்டி வந்து சேர்ந்தாள். அவள் நேரில் வந்துதான் ஆக வேண்டும், நான் மட்டும் போய்ப் பயனில்லை. கேஒய்சி படிவம், போட்டோ, ஆதார், பான் இல்லாததால் ஃபார்ம் 60. மாதிரிக் கையெழுத்து இரண்டு இடத்தில் போட்டாள். அக்கவுண்டில் 6,140 இருப்பது சரிதான் என்று நான் ஒரு கையெழுத்து. அதுதான் என் கடைசிக் கையெழுத்து. நாமினியும் புதிதாக எழுதினோம்.

இதில் மாட்டிக்கொண்டது விரல்ரேகை. மெஷினில் விரலை வைக்கிறாள், சேரவில்லை என்கிறது. நாலு விரல் மாற்றிப் பார்த்தாயிற்று. பதினைந்து வயதில் ஆதாருக்கு விரல்ரேகையும் கண்ணும் மறுபடி பதிய வேண்டும், அதை நாங்கள் செய்யவே இல்லை. சின்ன வயசில் எடுத்த ரேகையோடு ஒப்பிட்டால் எப்படிச் சேரும்? அன்றைக்கு ஆதார் அசலைப் பார்த்து நகலை வாங்கிக்கொண்டார்கள், கார்டு வேலை செய்ய புதன்கிழமை ஆனது. உங்கள் பையனுக்கு அந்தப் பதிவு ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அக்‌ஷயா சேவை மையத்தில் போய் முடித்துவிட்டு, பிறகு பேங்குக்குப் போங்கள். ஆதாரில் உள்ள மொபைல் நம்பர் பழைய சிம்மாக இருந்தால் அதையும் அதே நடையில் மாற்றிவிடலாம்.

உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அப்போது தெரியாது. பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே அக்கவுண்ட் தொடங்கி நடத்தலாம், தொகை வரம்பை பேங்க் வைத்துக்கொள்ளும். ஏடிஎம், நெட் பேங்கிங் தருவதும் அந்தந்த பேங்கின் முடிவு. பதினெட்டில் அதற்கும் புதுக் கையெழுத்தும், அக்கவுண்டை எப்படி நடத்துவது என்று புது உத்தரவும் அவனிடம் வாங்குவார்கள். ஆனால் இருப்பு சரிதான் என்று நான் போட்ட மாதிரி கார்டியன் கையெழுத்து அதற்குத் தேவையில்லை, அவன் கையெழுத்தும் முதலிலேயே பதிவில் இருக்கும். மூணு மாதமே பாக்கி என்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன். இல்லை என்றால் கார்டியன் போட்டுத் தொடங்குங்கள். பிறந்தநாள் வாரத்துக்குள் ஹாஸ்டல் பணம், பரீட்சைப் பணம் எதுவும் கட்ட வேண்டியிருந்தால், அதை முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

காலேஜ் வாசலில் ஸ்டால் போட்டு, "ஜீரோ பேலன்ஸ், கார்டு ஃப்ரீ" என்று இரண்டாவதாக ஒரு அக்கவுண்ட் தொடங்கச் சொல்வார்கள். ஸ்காலர்ஷிப் வருகிற பையன் என்றால் இதில் கவனம். ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம் ஒரே ஒரு அக்கவுண்டுக்குத்தான் போகும், கடைசியாக எதை ஆதாரோடு இணைக்கச் சம்மதம் கொடுத்தீர்களோ அதற்கு. மகளின் தோழி ஸ்டாலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் வரவில்லை என்று பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு ரெண்டு மாதம் தேடினாள். பணம் புது அக்கவுண்டில் இருந்தது. myaadhaar.uidai.gov.in-இல் நுழைந்து Bank Seeding Status பார்த்தால் எந்த பேங்க் என்று காட்டும்.

மகள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே நம்பரையும் அவளுடையதாக மாற்றினோம். அதைத் தள்ளிப் போட்டால் யூபிஐ பதிவு செய்ய முடியாது, ஒவ்வொரு ஓடிபிக்கும் அவள் வகுப்பிலிருந்து எனக்குப் போன் போட வேண்டியிருக்கும். ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன், கையெழுத்தைத் தமிழில் போடலாமா என்று. போடலாம் என்றார்கள், படிவத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லிப் புரிய வைத்தோம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அவள் "ழ" வரும் பெயர்க்காரி, முதல் கையெழுத்தில் அந்தச் சுழி கட்டத்தை விட்டு வெளியே போய், இன்னொரு படிவம் எடுத்து எழுத வேண்டியதாயிற்று. வீட்டில் ஒரு தாளில் பத்துத் தடவை போட்டுப் பழகிவிட்டு வரச் சொல்லுங்கள், செக்கில் போடுவதும் அதே மாதிரி இருக்க வேண்டும்.